யானை ஒண்ணு வந்துச்சாம்: பஸ்ஸுல பாடுறதுக்குன்னே கட்டுன ஒரு பாட்டு

நாப்பது பசங்க ஒரே நேரத்துல "பானை!"ன்னு கத்துனா பஸ்ஸோட கண்ணாடி லேசா அதிரும். அந்த அதிர்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும். நான் மூணாம் கிளாஸ், நாலாம் கிளாஸ் பசங்களுக்குப் பாடம் எடுக்கறேன், வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை டூர் பஸ்ல முன்சீட்டுல உக்காந்து போறேன், அந்தப் பயணங்களுக்காகவே ஒரு பாட்டு கட்டி வச்சிருக்கேன். ஒரே ராத்திரியில எழுதுன பாட்டு இல்ல அது. ஒவ்வொரு டூர்லயும் ஏதாவது ஒரு இடத்துல உடைஞ்சு, உடைஞ்ச இடத்தைச் சரி பண்ணிப் பண்ணி இப்ப இருக்கற வடிவத்துக்கு வந்திருக்கு. அதைப் பத்திதான் இன்னிக்கு எழுதப் போறேன். ஏன்னா எல்லாரும் சேர்ந்து கத்துற ஒரு பல்லவியும், ரவுண்டுக்கு ஒரு புது கிறுக்கு ரைமும் இருந்தா போதும் பாட்டு தானா ஓடும்னு நானும் ரொம்ப நாள் நெனச்சிட்டிருந்தேன், அப்படி ஓடாது.

முதல் தடவை நான் பண்ணது இதுதான். அழகா எட்டு சரணம் எழுதினேன், ஒவ்வொண்ணும் நாலு வரி, கடைசி வார்த்தையெல்லாம் ஒரே மாதிரி முடியும், பிரிண்ட் எடுத்து ஆளுக்கு ஒரு தாள் குடுத்தேன். பஸ் கிளம்பி பத்து நிமிஷம் நல்லா போச்சு. அப்புறம் ரெண்டு பசங்க முகம் வெளிறிப் போச்சு, ஒருத்தன் தாளைக் கீழ போட்டுட்டு வாயைப் பொத்திக்கிட்டான், அதுக்கப்புறம் வாந்திக் கவர் தேடுறதுலயே மீதி வழி போச்சு. ஓடுற வண்டியில படிச்சா ஏன் குமட்டுதுன்னா, உள்காது "நான் ஆடுறேன், திரும்புறேன்"னு சொல்லுது, கண்ணு ஆடாத ஒரு தாளைப் பாத்துக்கிட்டு "இல்ல, சும்மாதான் இருக்கேன்"னு சொல்லுது, இந்த ரெண்டு செய்தியும் ஒத்துப்போகாம மூளை குழம்பி வயித்தைப் பெரட்டுது. ஜன்னல் வழியா தூரமாப் பாத்தா குறையறதும் இதனாலதான். அதனால பஸ் பாட்டுக்கு முதல் விதி அன்னிக்கே எனக்குக் கிடைச்சுது, தாள் கூடாது, கண்ணு வெளியதான் இருக்கணும், பாட்டு முழுக்க காது வழியாவே உள்ள போகணும்.

தாள் இல்லன்னா எட்டு சரணத்தை நாப்பது பேரு எப்படி ஞாபகம் வச்சுக்குவாங்க? இந்தக் கேள்விதான் பாட்டோட மொத்த வடிவத்தையும் மாத்திடுச்சு.

நான் மொதல்ல எழுதுனதுல எல்லா வரியும் "போச்சுது", "வந்துச்சுது", "ஆச்சுது"ன்னு முடிஞ்சுது. எனக்குப் படிக்க நல்லா இருந்துச்சு. ஆனா பசங்க ஒரு வரி பாடினா அடுத்த வரி என்னன்னு அவங்களுக்குத் துளிகூட நினைவு வரல. கொஞ்ச நாள் இதை யோசிச்சுப் பாத்ததுல காரணம் புரிஞ்சுது. தமிழ்ல வினைச்சொல் பெரும்பாலும் வாக்கியத்தோட கடைசியிலதான் வரும். அதனால வரிக்கடைசி ஒரே மாதிரி ஒலிக்கறது நமக்கு சும்மாவே கிடைக்குது, எந்த ரெண்டு வாக்கியத்தை எடுத்தாலும் "ச்சு, ச்சு"ன்னு முடியும். சும்மா கிடைக்கற ஒலி எதையும் பிடிச்சு இழுக்காது. வரியோட தொடக்கத்துல ஒலி ஒத்து வந்தாதான் காது நிமிர்ந்து உக்காருது. யானை, பானை. பல்லி, மல்லி. முதல் எழுத்து மாறுது, ரெண்டாவது எழுத்து அப்படியே நிக்குது. இதுதான் எதுகை, நாம எல்லாரும் பள்ளிக்கூடத்துல மார்க்குக்காக மனப்பாடம் பண்ணுன அதே எதுகை. ஒருத்தர் "யானை"ன்னு சொன்னதும் "பானை" தானா வாயில வந்து நிக்கும், யாரும் யோசிக்கத் தேவையில்ல. அப்போ ரைம் வந்து பாட்டுக்கு அழகுக்குப் போட்ட பூ இல்ல, அதுதான் தாளுக்குப் பதிலா நிக்குது.

அதை வச்சு சரணத்தை ரெண்டே வரியாக் குறைச்சேன்.

யானை ஒண்ணு வந்துச்சாம்
பானைக்குள்ள குந்துச்சாம்

அவ்வளவுதான். மாறப் போறது ரெண்டு வார்த்தை மட்டும், வரியோட தொடக்கத்துல இருக்கற யானையும் பானையும். "ஒண்ணு வந்துச்சாம்", "மேல குந்துச்சாம்" இல்லன்னா "உள்ள குந்துச்சாம்", இது ஒரு சட்டம் மாதிரி அசையாம நிக்கும். வந்துக்கும் குந்துக்கும் கூட எதுகை இருக்கறதால அந்தச் சட்டமே பாதிப் பாட்டைப் பாடிடும். இதுல பசங்க கண்டுபிடிக்க வேண்டியது ஒரு ஜோடிதான். ரெண்டு வார்த்தையை எந்தப் பையனாலயும் எந்தப் பொண்ணாலயும் கண்டுபிடிக்க முடியும், கூச்ச சுபாவம் உள்ளவங்ககூட ரெண்டு வார்த்தைன்னா கை தூக்குவாங்க.

அந்த "ஆம்" பத்தி ஒண்ணு சொல்லணும். மொதல்ல "வந்துச்சு, குந்துச்சு"ன்னுதான் வச்சிருந்தேன். "யானை எப்படி மிஸ் பானைக்குள்ள போகும்?"னு ஒரு பையன் நிஜமாவே கோவிச்சுக்கிட்டான். "வந்துச்சாம்"னு மாத்தினதும் அந்தக் கேள்வி நின்னு போச்சு. வந்துச்சாம்னா நான் பாக்கல, யாரோ சொன்னாங்க, அவ்வளவுதான். பாட்டி கதை சொல்லும்போது வர்ற அதே ஆம். அது வந்த உடனே எந்தப் பொய்யும் உள்ள வரலாம்னு பசங்களுக்குத் தெரிஞ்சுடுது, முகமே மாறும்.

சரி, இப்ப பல்லவி.

பஸ்ஸு போகுது – டிங் டாங் டோய்!
பாட்டு போகுது – டிங் டாங் டோய்!
எடம் இருக்கா? – இருக்கு! இருக்கு!
யாரு வரா? – ஏறு! ஏறு!

கோட்டுக்கு முன்னாடி இருக்கறது நான் பாடுறது, பின்னாடி இருக்கறது பசங்க. ஒவ்வொரு வரியும் நாலு தட்டு, ரெண்டு எனக்கு ரெண்டு அவங்களுக்கு. டிங் டாங் ரெண்டும் ஒரே தட்டுல அடங்கும், டோய் மட்டும் தனியா ஒரு தட்டு முழுக்க நீளும்.

இந்த டோய்க்கு முன்னாடி அங்க "சிலுசிலு சிலுசிலு"ன்னு ஒண்ணு இருந்துச்சு. கிளாஸ்ல பாடும்போது அழகா இருக்கும், காத்து அடிக்கற மாதிரி. பஸ்ஸுல ஜன்னல் தொறந்திருந்தா அந்தச் சத்தமும் ஜன்னல் காத்தோட சத்தமும் ஒண்ணாக் கலந்து காணாமப் போயிடும், எஞ்சின் உறுமல் மீதியை முழுங்கிடும். கடைசி சீட்டுல இருந்தவங்க நாங்க பாடுறோமா நிறுத்திட்டோமான்னே தெரியாம உக்காந்திருந்தாங்க. பஸ்ஸுக்குள்ள பொழைக்கற ஒலி வேற. டகரம் மாதிரி பட்டுன்னு உடையற எழுத்துல தொடங்கி, ஓ, ஆ மாதிரி வாயைத் தொறந்து நீட்டற நெடில்ல போகணும். "டோய்" அதைச் செய்யும். கேக்க முரட்டுத்தனமா இருக்கும், ஆனா கடைசி வரிசை வரைக்கும் போய்ச் சேரும்.

பல்லவியோட நிஜமான வேலை என்னன்னு ரெண்டு மூணு டூருக்கு அப்புறம்தான் எனக்கே பிடிபட்டுச்சு. எல்லாரும் சேர்ந்து சந்தோஷமா கத்துற இடம்னுதான் நெனச்சிருந்தேன், அது அதுக்கு மட்டும் இல்ல, அடுத்த ரைமைக் கண்டுபிடிக்கறவங்களுக்கு நேரம் குடுக்கற இடம் அது. கணக்குப் போட்டுப் பாத்தேன். நிமிஷத்துக்கு 120 தட்டு, அதாவது வினாடிக்கு ரெண்டு தட்டு, பசங்க தொடையில தட்டிக்கிட்டுப் பாட வசதியான வேகம். நாலு வரி, பதினாறு தட்டு, எட்டு வினாடி. எட்டு வினாடியில ஒரு நாலாம் கிளாஸ் பொண்ணு ஒரு மிருகத்தை யோசிச்சு அதுக்கு எதுகை பிடிச்சு சொல்லணும்னா கஷ்டம். பல்லவியை ரெண்டு தடவை பாடினா பதினாறு வினாடி, அது சரியா இருக்கு. பல்லவி ஓடும்போது நான் யோசிக்கற பிள்ளையோட முகத்தைப் பாத்துக்கிட்டே இருப்பேன், கண்ணு மேல போயி உதடு முணுமுணுத்தா இன்னும் ஒரு தடவை "பஸ்ஸு போகுது" போடுவேன், கண்ணு பளிச்சுன்னு கீழ வந்துச்சுன்னா நிறுத்திடுவேன். மத்தவங்களுக்கு நான் காத்திருக்கேன்னே தெரியாது. யோசிக்கற பிள்ளையை யாரும் "சீக்கிரம் சொல்லு"ன்னு நெருக்க மாட்டாங்க, ஏன்னா எல்லாரும் கத்திக்கிட்டு இருக்காங்க.

ஒரு பயணத்துல நடந்ததை அப்படியே சொல்றேன், அப்பதான் பாட்டு எப்படி வளருதுன்னு புரியும். யானை பானையை நான் தொடங்கி வச்சேன். அடுத்து ஒரு பையன் நண்டு சொன்னான்.

நண்டு ஒண்ணு வந்துச்சாம்
செண்டு மேல குந்துச்சாம்

அவன் சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டுச்சு, பசங்க குரல் ரெண்டு சீட்டு தாண்டாது. அதனால நான் அதை ஒரு தடவை சத்தமாப் பாடுவேன், அப்புறம் மொத்த பஸ்ஸும் திருப்பிப் பாடும். அது முடிஞ்சதும் பழசெல்லாம் வரிசையா வரும், புதுசுல இருந்து பழசை நோக்கி. நான் "நண்டு!"ன்னா அவங்க "செண்டு!", நான் "யானை!"ன்னா அவங்க "பானை!". உடனே பல்லவி. அடுத்து பல்லி வந்து மல்லி மேல குந்துச்சு. இப்ப பல்லி மல்லி, நண்டு செண்டு, யானை பானை. இந்தப் பின்னோக்கிப் போற வரிசைக்கு ஒரு காரணம் இருக்கு. இப்பதான் கேட்ட ஜோடி நாக்குலயே இருக்கும், அதை முதல்ல சொல்லிடலாம். ரொம்பத் தடவை சொன்ன ஜோடி கடைசியில வரும், அது எல்லாருக்கும் தலைகீழாத் தெரியும். நடுவுல கொஞ்சம் தடுமாறினாலும் முடியும்போது "யானை! பானை!"ன்னு முழுக் குரலும் வந்து விழும், பல்லவிக்குள்ள சறுக்கிக்கிட்டுப் போகலாம். முன்னோக்கி வரிசையா வச்சா நேர் எதிரா ஆகும், சத்தமாத் தொடங்கி முனகலா முடியும். நான் ஒரு தடவை அப்படியும் வச்சுப் பாத்தேன், ஆறாவது ஜோடியில பஸ் அமைதியாயிடுச்சு.

அன்னிக்கு நாலாவதா கை தூக்குன பொண்ணு ரொம்பப் பேசாதவ. "ஆமை"ன்னா. பல்லவி ஓடுச்சு. "ஆமை ஒண்ணு வந்துச்சாம், சுமை மேல குந்துச்சாம்"னா. நான் பாடினேன், பஸ்ஸும் பாடுச்சு, ஆனா யாரும் சிரிக்கல, ஒரு மாதிரி நொண்டிச்சு. அவளே தலையை ஆட்டி "நல்லா இல்ல மிஸ்"னா. ரெண்டாவது எழுத்து ரெண்டுலயும் மை தானே, ஏன் நல்லா இல்ல? ஆமைல முதல் எழுத்து நெடில், ரெண்டு மாத்திரை. சுமைல குறில், ஒரு மாத்திரை. முதல் எழுத்தோட நீளமும் ஒத்துப் போனாதான் எதுகை சரியா விழும்னு இலக்கணத்துல சொல்றது இதைத்தான். ஆமையைத் தட்டிப் பாத்தா "ஆ", "மை"ன்னு ரெண்டு அசை வரும், சுமை ஒரே அசையா சட்டுன்னு முடிஞ்சுடும், அதனால "சுமை மேல"ன்னு பாடும்போது ஒரு தட்டு காலியாத் தொங்குது. அந்தப் பொண்ணுக்கு இந்த விதி எதுவும் தெரியாது, காது சொல்லிடுச்சு.

பல்லவியை இன்னொரு தடவை போட்டேன், இன்னும் ஒரு தடவை போட்டேன். திடீர்னு எழுந்திரிக்கப் போனவ மாதிரி நிமிர்ந்தா.

ஆமை ஒண்ணு வந்துச்சாம்
மாமா மேல குந்துச்சாம்

பஸ் வெடிச்சுது. டிரைவர்கூடத் திரும்பாமலே சிரிச்சாரு, கண்ணாடியில தெரிஞ்சுது. மையும் மாவும் ஒரே எழுத்து இல்ல, ஆனா ரெண்டுலயும் மெய் மகரம்தான், உயிர் மட்டும் மாறுது. இதையும் இலக்கணம் ஏத்துக்குது, வருக்க எதுகைன்னு பேரு. ரெண்டாவது எழுத்து அச்சா ஒத்துப் போயி முதல் எழுத்து நீளம் தப்புனது நொண்டுது, நீளம் சரியா இருந்து ரெண்டாவது எழுத்து கொஞ்சம் விலகுனது பறக்குது. பஸ்ஸுல எதைக் காப்பாத்தணும், எதை விட்டுக்குடுக்கலாம்னு எனக்கு அன்னிக்குத்தான் தெளிவாத் தெரிஞ்சுது. தாளத்தை விடக்கூடாது, எழுத்தைக் கொஞ்சம் விடலாம்.

அஞ்சாவதா குரங்கு வந்துச்சு. "குரங்கு ஒண்ணு வந்துச்சாம்"னு எழுதிப் பாத்தா நீளமா இருக்கற மாதிரி தோணும், ஆனா எந்தப் பிள்ளையும் அப்படிப் பாடல, "குரங்கொண்ணு வந்துச்சாம், சுரங்கத்துல குந்துச்சாம்"னு தானாச் சுருக்கிக்கிட்டாங்க. உயிரெழுத்து வந்ததும் முன்னாடி இருக்கற குற்றியலுகரம் மறைஞ்சு போறது நாம பேசும்போது நாள் முழுக்கப் பண்றதுதான், பாட்டுல அது தட்டைக் காப்பாத்துது. சரியா எழுதணும்னு நான் பிரிச்சுப் பாடியிருந்தா கெட்டுப் போயிருக்கும்.

அதுக்கப்புறம் வந்ததுதான் எல்லா டூர்லயும் யாராவது ஒருத்தர் கேக்கற ஜோடி.

ஒட்டகச்சிவிங்கி ஒண்ணு வந்துச்சாம்
கட்டெறும்பு மேல குந்துச்சாம்

ஒட்டகச்சிவிங்கி தட்டுக்குள்ள அடங்காது. யானை உக்காந்த அதே இடத்துல நாலு அசையை அடைச்சாகணும், அதனால பசங்க மூச்சைப் பிடிச்சுக்கிட்டு விறுவிறுன்னு சொல்லி "ஒண்ணு"ல வந்து மோதுவாங்க. தாளத்தை விடக்கூடாதுன்னு இப்பதானே சொன்னேன், இது அதை மீறலையான்னா, மீறல. தட்டு நிக்காது, தட்டுக்கு நடுவுல வார்த்தை நெருக்கியடிக்குது, நெருக்கிக்கிட்டும் சரியான இடத்துல வந்து சேந்துடுது. சுமைல தட்டு காலியா இருந்துச்சு, இங்க தட்டு நெரம்பி வழியுது. காலி கேக்க சோர்வா இருக்கும், வழியறது சிரிப்பா இருக்கும். அதுக்கு மேல பாருங்க, உலகத்துலயே உயரமான மிருகம் ஒரு கட்டெறும்பு மேல உக்காருது. ஒலியும் பொருளும் ஒரே நேரத்துல கிறுக்குத்தனம் பண்ற இடம் அது. ஆனா இப்படி ஒரு ஜோடி ஒரு சுத்துக்கு ஒண்ணு போதும். எல்லாருமே நீள வார்த்தை சொல்ல ஆரம்பிச்சா தாளம் உடைஞ்சுடும்.

எத்தனை ஜோடி வரைக்கும் போகலாம்? எட்டு. பத்து வரைக்கும் இழுத்துப் பாத்திருக்கேன், ஒரு தடவை பன்னெண்டு. எட்டு ரவுண்டு போனா, ஒண்ணு ரெண்டு மூணுன்னு கூட்டிக்கிட்டே போயி மொத்தம் 36 ஜோடி கத்தியிருப்போம். பன்னெண்டு ரவுண்டுன்னா 78. நாலு ரவுண்டு கூடினா கத்துறது ரெண்டு மடங்குக்கு மேல ஆயிடுது. எட்டு ரவுண்டு, பல்லவியை ரெண்டு ரெண்டு தடவை பாடினா ஏறத்தாழ நாலரை நிமிஷம், அது குரலுக்கும் சிரிப்புக்கும் சரியான அளவு. அதைத் தாண்டினா பசங்க ஜோடியோட ரெண்டாவது வார்த்தையைப் பாதி முழுங்க ஆரம்பிப்பாங்க. நல்லா போகுதா போகலையான்னு கண்டுபிடிக்க எனக்கு ஒரு அடையாளம் உண்டு. நான் "ஆ"ன்னு வாயைத் தொறக்கறதுக்குள்ள "மாமா!"ன்னு பின்சீட்டுல இருந்து வந்தா பாட்டு உயிரோட இருக்கு. நான் "ஆமை"ன்னு முழுசா முடிச்சு ஒரு நொடி காத்திருக்க வேண்டி வந்தா, முடிச்சுக்க வேண்டிய நேரம்.

முடிக்கறதுக்கும் ஒரு வரி வச்சிருக்கேன். "பஸ்ஸு நின்னுச்சு – டிங் டாங் டோய்! எல்லாம் எறங்கு – டிங் டாங் டோய்!" அவ்வளவுதான், யானை, ஆமை, குரங்கு எல்லாம் எறங்கிடும், பஸ் காலி. கொஞ்ச நேரம் விட்டுட்டு, தண்ணி குடிச்சிட்டு, புதுசா வேற எட்டு ஏத்தலாம். இந்த வரி இல்லாதப்ப பசங்க மறந்து போன ஜோடிக்காக சண்டை போட்டாங்க. எறங்கிடுச்சுன்னு சொன்னதும் மறந்ததைப் பத்தி யாருக்கும் வருத்தம் இல்ல.

சுருதி பத்தியும் சொல்லிடறேன், நான் இதுல ரொம்ப நாள் தப்புப் பண்ணேன். எனக்குப் பழக்கமான 5 கட்டையில தொடங்குவேன், எனக்கு இதமா இருக்கும். பசங்களுக்கு அது ரொம்பக் கீழ, அந்த இடத்துல அவங்களால பாடவே முடியாது, அதனால பேசுற குரல்ல கத்துவாங்க, பத்து நிமிஷத்துல தொண்டை கட்டிக்கும். இப்ப அந்த 5 கட்டைக்கு மேல அடுத்து வர்ற 2 கட்டை ஷட்ஜத்துல தொடங்கறேன், எனக்கு அது மேல் பக்கம்தான். மெட்டு ச-வுல இருந்து ப-வைத் தாண்டாது, மொத்தமே அஞ்சு ஸ்வரத்துக்குள்ள. பசங்க குரல் அதுல அலட்டாம நிக்குது. வேகமும் அப்படித்தான், கை தட்ட விட்டா ரவுண்டுக்கு ரவுண்டு ஏறிக்கிட்டே போகும், ஆறாவது ரவுண்டுல ஒரு வார்த்தையும் புரியாது. பல்லவியோட முதல் வரியில முன்பாதியை நான் மட்டும் தனியாப் பாடுறதால அங்க மெதுவாக்கிப் பிடிச்சு நிறுத்திக்கறேன்.

காலைத் தட்டறதை டிரைவர் அண்ணன்தான் நிறுத்தச் சொன்னாரு. "பாட்டு எவ்வளவு வேணா பாடுங்க டீச்சர், தரையில மிதிக்காம பாத்துக்கோங்க, வண்டியில ஏதாவது ஆடுதா தட்டுதான்னு எனக்குக் கேக்கணும்"னாரு. அன்னியிலிருந்து தொடையில மட்டும்தான் தட்டு, யாரும் எழுந்திரிக்கக் கூடாது, அவரு கையைத் தூக்குனா எந்த ரைம் நடுவுல இருந்தாலும் பஸ் அமைதி.

இன்னொரு விதி ஒரு பையனால வந்துச்சு, அதை நெனச்சா இப்பவும் மனசு கனக்குது. நண்டுக்கு எதுகை தேடும்போது யாரோ "குண்டு"ன்னு சொல்லி, கூடவே ஒரு பையனோட பேரையும் சேத்துட்டாங்க. நான் சுதாரிக்கறதுக்குள்ள ரெண்டு வரிசை அதைப் பாடிடுச்சு. அந்தப் பையன் சிரிக்கற மாதிரி முகத்தை வச்சுக்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினான், அப்புறம் போகும்போதும் வரும்போதும் ஒரு டோய்கூட சொல்லல. இந்த மாதிரிப் பாட்டுல இருக்கற ஆபத்தே இதுதான், சாதாரணமா ஒருத்தர் சொல்லி மறந்துடுற கிண்டல் இங்க ஜோடியா மாறி, ரவுண்டுக்கு ரவுண்டு திரும்பி வரும், ரைம் இருக்கறதால வீட்டுக்குப் போயும் மறக்காது. அதனால இப்ப கிளம்பும்போதே சொல்லிடுவேன், பஸ்ஸுக்குள்ள இருக்கற யாரோட பேரும் பாட்டுக்குள்ள ஏறக்கூடாது, யாரோட உடம்பும் ஏறக்கூடாது. மிருகம், பொருள், எங்கயோ இருக்கற மாமா, இவங்க மட்டும் ஏறலாம். மீறி ஒண்ணு வந்தா நான் அதைப் பாடவே மாட்டேன், நான் பாடலன்னா பஸ்ஸுக்குக் கேக்காது, நேரா பல்லவிக்குப் போயிடுவேன்.

அந்த ஆமைப் பயணத்துல திரும்பி வரும்போது இருட்டிடுச்சு. பாதிப் பேரு தூங்கிட்டாங்க. நாலு வரிசைக்குப் பின்னாடி யாரோ மெதுவா "எடம் இருக்கா"ன்னு ஆரம்பிச்சாங்க, இன்னும் ரெண்டு மூணு குரல் "இருக்கு, இருக்கு"ன்னு சேந்துச்சு, டோயெல்லாம் ரகசியம் மாதிரி வந்துச்சு. காலையில பாடுன ஜோடியெல்லாம் ஒண்ணு விடாம வந்துச்சு, சுரங்கம், மாமா, செண்டு, எல்லாம். நடுவுல அவங்களும் ஒவ்வொருத்தரா தூங்கிப் போனாங்க, பாட்டு எங்க நின்னுச்சுன்னு எனக்கே தெரியல.

ஸ்கூல் வாசல்ல பஸ் நின்னதும் ஒவ்வொருத்தரையா எழுப்பி இறக்கிக்கிட்டு இருந்தேன். ஆமைப் பொண்ணு பாதித் தூக்கத்துல படியில இறங்கினவ, கடைசிப் படியில நின்னு திரும்பி பஸ்ஸுக்குள்ள பாத்தா.

"மிஸ், நாம எறங்கு பாடவே இல்ல. ஒட்டகச்சிவிங்கி இன்னும் உள்ளதான் இருக்கு."

டிரைவர் அண்ணன் எஞ்சினை அணைச்சாரு. வாசல்ல நின்ன ஏழெட்டுப் பசங்களும் நானும் கண்ணைக் கசக்கிக்கிட்டே, "பஸ்ஸு நின்னுச்சு, டிங் டாங் டோய்"னு பாடி அதை இறக்கி விட்டோம்.